ட்ரம்பெட்டுக்காகப் பெயரிட்டார்கள், கிதார் எடுத்துக்கொண்டது: வா-வா பெடலின் வரலாறு

1967இல் விற்பனைக்கு வந்த தொடக்ககால வா-வா பெடல் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால், அதன் அடித்தகட்டில் ஒரு மனிதரின் உருவம் அச்சிடப்பட்டிருக்கும். அவர் பெயர் கிளைட் மக்காய். அவர் கிதார் வாசித்தவர் அல்லர், ட்ரம்பெட் கலைஞர். அந்தப் பெடலின் மின்சுற்றை வடிவமைத்ததிலும் அவருக்குப் பங்கில்லை. எனினும் ராக் இசையின் முன்னணிக் கிதாருக்குக் குரல் தந்ததாக இன்று எல்லோரும் அறிந்த இக்கருவி, ஒரு ட்ரம்பெட்காரரின் முகத்தோடும் பெயரோடும்தான் உலகுக்கு வந்தது. ஏன் அவ்வாறு வந்தது, பிறகு ஏன் ட்ரம்பெட்டை விட்டுக் கிதாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதே இப்பதிவின் பொருள். இவ்வரலாற்றைப் பெரும்பாலும் மேதைகளின் கதையாகவே சொல்லிவருகிறார்கள். என் பார்வையில், இரண்டு கருவிகளின் இயல்பிலும் அவற்றை வாசிப்பவரின் கைகால்களிலும் இதற்கான விடையில் பாதி இருக்கிறது.

முதலில் மக்காயிடம் போவோம். 1931இல் அவர் பதிவுசெய்த 'சுகர் புளூஸ்' என்னும் ஒலித்தட்டு பெரும் புகழ் பெற்றது. அதில் ட்ரம்பெட் அழுவதுபோலவும் சிணுங்குவதுபோலவும் ஒலிக்கும். அதற்கு அவர் பயன்படுத்தியது ஹார்மன் மியூட் எனப்படும் உலோக அடைப்பான். ட்ரம்பெட்டின் விரிந்த வாயில் இதைச் செருகினால், சுற்றிலும் உள்ள தக்கை வளையம் காற்று வேறு வழியில் போகாதவாறு இறுக்கிக்கொள்ளும். ஒலி முழுவதும் அடைப்பானின் நடுவிலுள்ள சிறு குழாய் வழியாகவே வெளியேற வேண்டும். அக்குழாயின் வாயை இடக்கையால் மூடினால் ஒலி மங்கி 'ஊ' என்று அடங்கும். கையை விலக்கினால் 'ஆ' என்று மலரும். மூடித் திறக்கும் அந்த அசைவுதான் 'வா'.

இது மக்காய் தொடங்கிவைத்த உத்தி அன்று. அவருக்கு முன்பே கறுப்பின ஜாஸ் கலைஞர்கள் இதை முதிர்ந்த கலையாக வளர்த்திருந்தார்கள். கிங் ஆலிவர் கோப்பைகளையும் அடைப்பான்களையும் கொண்டு தம் கார்னெட்டைப் பேசவைத்தவர். 1926இல் அவர் பதிவுசெய்த ஒரு பாடலின் தலைப்பே 'வா வா வா'. டியூக் எலிங்டன் குழுவின் பப்பர் மைலி, கழிவுநீர்க் குழாய் அடைப்பை நீக்கும் ரப்பர் கிண்ணத்தை ட்ரம்பெட்டின் வாயருகே அசைத்து, தொண்டை உறுமலையும் சேர்த்து வாசித்தார். அதே குழுவின் ஜோ நாண்டன் டிராம்போனில் அதைச் செய்தார். மக்காய் செய்தது, அவ்வொலியை மென்மையாக்கி வெகுமக்கள் நடன இசைக்குக் கொண்டுசென்றது. புகழும் விற்பனையும் அவருக்கு வந்தன. ஆகவே முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து ஒரு நிறுவனம் 'வா' ஒலிக்கு ஒரு பெயர் தேடியபோது அவர் பெயரே நினைவுக்கு வந்தது.

அந்த நிறுவனம் கலிபோர்னியாவின் தாமஸ் ஆர்கன் கம்பெனி. இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில் இயங்கிய ஜென்னிங்ஸ் நிறுவனத்தின் வாக்ஸ் ஆம்ப்ளிஃபயர்களை அமெரிக்காவில் விற்கவும் செய்யவும் உரிமை பெற்றிருந்தது அது. பீட்டில்ஸ் குழுவினர் வாக்ஸ் பயன்படுத்தியதால் அப்பெயருக்கு அன்று அமெரிக்காவில் பெரும் மவுசு. அந்த ஆம்ப்ளிஃபயர்களில் இடைநிலை அதிர்வெண்களைத் தூக்கிக் காட்டும் ஒரு சுற்று இருந்தது. எந்த அதிர்வெண்ணைத் தூக்க வேண்டும் என்பதை மூன்று நிலைகள் கொண்ட ஒரு சுழல் சுவிட்சால் தேர்ந்தெடுக்கலாம். அந்தச் சுவிட்ச் விலை மிகுந்தது. 1966இல் பிராட் பிளங்கெட் என்னும் இளம் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை, இன்றைய அலுவலகங்களிலும் நாம் காணக்கூடிய ஒன்றுதான்: செலவைக் குறை. சுவிட்சுக்குப் பதிலாக மலிவான ஒரு மாறுமின்தடையை வைத்து அதே பயனைப் பெற வேண்டும்.

சுவிட்சுக்கும் மாறுமின்தடைக்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. சுவிட்ச் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குத் தாவும். மாறுமின்தடை இடைப்பட்ட எல்லாப் புள்ளிகளையும் கடந்து போகும். மூன்று நிலைகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பதை அதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்க வழியும் இருந்ததில்லை. பிளங்கெட் அமைத்த சுற்றில் ஒரு கிதாரை இணைத்து, வாசிக்கும்போதே குமிழைத் திருப்பியபோது, ஒலி வாயைத் திறந்து மூடியது. வாக்ஸ் காண்டினெண்டல் ஆர்கனுக்காகச் செய்யப்பட்ட ஒலியளவு மிதி ஒன்று தொழிற்கூடத்தில் கிடந்தது. குமிழைக் கையால் திருப்புவதற்குப் பதிலாக, சுற்றை அந்த மிதியின் கூட்டுக்குள் பொருத்தினார்கள். பற்சட்டமும் பற்சக்கரமும் பாதத்தின் சாய்வைச் சுழற்சியாக மாற்றின. வா-வா பெடலின் உருவம் இன்றுவரை அதுதான்.

இங்கேதான் வரலாறு ஒரு வளைவு எடுக்கிறது. நிறுவனத்தின் தலைவர் ஜோ பெனரோன் அன்று வேறொரு கனவில் இருந்தார். காற்றுக்கருவிகளில் ஒலியுணரி பொருத்தி, பெரிய இசைக்குழுக்களை முழுவதும் மின்மயமாக்கி, அவற்றுக்கு ஆம்ப்ளிஃபயர் விற்க வேண்டும் என்பது அக்கனவு. அதற்கென வாக்ஸ் பெயரில் ஒரு மின் இசைக்குழுவையே அமைத்திருந்தார்கள். அதை நடத்திய பில் பேஜ் சாக்ஸஃபோன் கலைஞர். புதிய மிதியின் ஒலியைக் கேட்டவர்களுக்கு ஹார்மன் மியூட் நினைவுக்கு வந்தது இயல்பே. ட்ரம்பெட்காரர் இனி இடக்கையை அசைக்க வேண்டியதில்லை, பாதத்தை அசைத்தால் போதும் என்று விளம்பரம் செய்யலாம். ஆகவே மக்காயின் பெயர். அதே மின் இசைக்குழுவில் கிதார் வாசித்த டெல் காஷர், இது கிதாருக்கு உரிய கருவி என்று வற்புறுத்தினார். 1967இன் தொடக்கத்தில் கிதாரைக் கொண்டு ஒரு விளக்க ஒலித்தட்டையும் பதிவுசெய்து கொடுத்தார். தலைமை உடனே மனம் மாறவில்லை.

அந்த ஆண்டு பிப்ரவரியில் விண்ணப்பிக்கப்பட்டு 1970 செப்டம்பரில் வழங்கப்பட்ட அமெரிக்கக் காப்புரிமையில் கண்டுபிடிப்பாளர்களாகப் பிளங்கெட்டும் லெஸ்டர் குஷ்னரும் குறிக்கப்பட்டுள்ளனர். அதன் தலைப்பு, காலால் இயக்கப்பட்டுத் தொடர்ச்சியாக மாறக்கூடிய, இசைக்கருவிகளுக்கான ஒரு தெரிவுச் சுற்று என்ற பொருள் தருவது. ட்ரம்பெட் என்றும் இல்லை, கிதார் என்றும் இல்லை. பொறியாளர்கள் 'இசைக்கருவிகள்' என்று பொதுவாக எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். எந்தக் கருவி என்ற வழக்கு விற்பனைப் பிரிவுக்கும் வாசிப்பவர்களுக்கும் இடையே நடந்தது.

அவ்வழக்கின் தீர்ப்பைப் புரிந்துகொள்ள, பெடலுக்குள் நடப்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அதன் இதயத்தில் இருப்பவை ஒரு மின்தூண்டி, ஒரு மின்தேக்கி. மின்தூண்டி ஏறத்தாழ அரை ஹென்றி, மின்தேக்கி 0.01 மைக்ரோஃபாரட். இவ்விரண்டும் சேர்ந்தால் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு கொள்ளும். அந்த அதிர்வெண்ணைச் சுற்றியுள்ள ஒலி மட்டும் உயர்ந்து எழும். மேற்சொன்ன அளவுகளுக்குக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 2250 ஹெர்ட்ஸ். முன்பாதத்தை முழுவதும் அழுத்திய நிலை இது.

குதிகாலை அழுத்தும்போது மாறுவது எது? மின்தேக்கியை யாரும் கழற்றி மாற்றுவதில்லை. டிரான்சிஸ்டரால் பெருக்கப்பட்ட, தலைகீழான ஒலிச்சைகையில் ஒரு பங்கை மாறுமின்தடை எடுத்து, மின்தேக்கியின் மறுமுனைக்குத் திருப்பி அனுப்புகிறது. ஒரு முனையில் மின்னழுத்தம் ஏறும்போது மறுமுனையில் அதைவிடப் பலமடங்கு இறங்கினால், அந்த மின்தேக்கி தன் உண்மையான அளவைவிடப் பலமடங்கு பெரியதுபோல நடந்துகொள்ளும். அது 25 மடங்கு பெரிதாகத் தோன்றுவதாகக் கொள்வோம். ஒத்ததிர்வு, மின்தேக்கியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுவது. 25இன் வர்க்கமூலம் 5. எனவே 2250 ஹெர்ட்ஸை ஐந்தால் வகுக்க 450 ஹெர்ட்ஸ் வருகிறது. குதிகால் அழுத்தத்தில் உண்மையான பெடல்கள் தரும் ஒலி ஏறக்குறைய இப்பகுதியில்தான் இருக்கிறது. பெடலுக்குப் பெடல் இவ்வெண்கள் மாறுபடும். ஆனால் அந்த ஒற்றை மேடு கீழிருந்து மேலே ஏறுவதும் இறங்குவதும்தான் முழு வித்தையும்.

இந்த மேடு நகர்வதை நம் செவி ஏன் 'வா' என்று கேட்கிறது? உயிரெழுத்துகளை நாம் வேறுபடுத்துவது, குரலின் சுருதியைக் கொண்டு அன்று. வாயின் வடிவம் எந்த அதிர்வெண் பகுதிகளை வலுப்படுத்துகிறது என்பதைக் கொண்டு. 1952இல் பெல் ஆய்வகத்தில் பீட்டர்சனும் பார்னியும் அமெரிக்க ஆங்கிலம் பேசுவோரின் உயிரொலிகளை அளந்தார்கள். ஆண்குரல்களின் சராசரியில், இரண்டாவது வலுப்பகுதி ஊகாரத்துக்கு 870 ஹெர்ட்ஸ் அளவிலும், ஆகாரத்துக்கு 1090 அளவிலும், ஈகாரத்துக்கு 2290 அளவிலும் இருந்தது. பெடலின் மேடு உலவும் எல்லைக்குள் இம்மூன்றும் அடங்கிவிடுகின்றன. நாமும் 'உ' என்று இதழைக் குவித்து, நிறுத்தாமல் 'ஆ' என்று திறந்து பார்க்கலாம். இடையில் ஒரு வகரம் தானே பிறக்கும். நம் இலக்கணங்கள் உடம்படுமெய் என்று இதற்கு இடம் ஒதுக்கியிருக்கின்றன. பெடலின் பெயரிலுள்ள வகரமும் அப்படிப்பட்டதுதான்: அங்கே மெய்யெழுத்து எதுவும் ஒலிக்கவில்லை, இரண்டு உயிர்களுக்கு இடையிலான பயணத்தை நம் செவி வகரமாகக் கேட்கிறது. உண்மையில் பெடலை முழுவதும் அழுத்தினால் ஒலி 'வா'வோடு நிற்காமல் 'ஈ'யை நோக்கி மூக்கொலியாகக் கூர்மையடையும். முழு ஓட்டத்தையும் சரியாக எழுதினால் 'ஊவாயீ' என்றுதான் எழுத வேண்டும்.

இப்போது ட்ரம்பெட்டுக்குத் திரும்புவோம். ட்ரம்பெட் வாசிப்பவருக்கு வால்வுகளை அழுத்த வலக்கை போதும். இடக்கை கருவியைத் தாங்குகிறது. வேண்டும்போது வலக்கையின் பிடியிலேயே கருவியை நிறுத்தி, இடக்கையை விடுவித்து மியூட்டை மூடித் திறக்கலாம். அவருடைய மூச்சும் நாவும் இதழ்களும் ஏற்கெனவே ஒலியின் உள்ளே இருக்கின்றன. இந்த மனிதருக்கு 'வா' என்பது சட்டைப்பையில் அடங்கும் தகர அடைப்பான் கொடுக்கும் சுகம். அதையே பெடலில் பெற, முதலில் கருவியில் ஒலியுணரி பொருத்த வேண்டும். பிறகு கம்பி, பிறகு ஆம்ப்ளிஃபயர். தம்மிடம் உள்ளதையே செலவுசெய்து மீண்டும் வாங்கும் வணிகம் அது. 1967இன் ட்ரம்பெட்காரர்கள் அதில் அக்கறை காட்டாதது வியப்பன்று.

கிதார்காரரின் நிலை இதற்கு நேர்மாறானது. ஒரு கை தந்தியை அழுத்துகிறது, மறு கை மீட்டுகிறது. ஒலியின் நிறத்தை வாசிக்கும்போதே மாற்ற மூன்றாவது கை இல்லை. அவருக்கு மிச்சமிருப்பது கால் மட்டுமே. கருவியில் ஏற்கெனவே ஒலியுணரி உண்டு, கம்பி உண்டு, ஆம்ப்ளிஃபயர் உண்டு. நடுவில் ஒரு பெட்டியைச் செருகினால் போதும். இத்தேவை பெடலுக்கு முன்பே உணரப்பட்டிருந்தது. 1959இலேயே செட் அட்கின்ஸ், ஒலிநிறத்தை மாற்றும் ஒரு மிதியைக் கொண்டு 'பூ பூ ஸ்டிக் பீட்' என்னும் பாடலைப் பதிவுசெய்தார். ஆனால் அவ்வகை மிதிகள் உயர் அதிர்வெண்களைக் கூட்டிக் குறைத்தன. கூர்மையான ஒரு மேட்டை நகர்த்தும் திறன் அவற்றுக்கு இல்லை; எனவே ஒலி மங்கித் தெளிந்தது, பேசவில்லை.

ஆயினும் கால் ஓய்வாக இருந்தது என்பது பாதி விடைதான். மறுபாதி, அந்த ஆண்டில் கிதாருக்கு நேர்ந்துகொண்டிருந்த மற்றொரு மாற்றம். ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு பார்ப்போம். கிதாரின் மூன்றாம் தந்தியில் இரண்டாம் கட்டையை அழுத்தி மீட்டினால் 220 ஹெர்ட்ஸ் சுரம் எழும். அதனோடு 440, 660, 880 என்று அடுக்கடுக்காக மேற்சுரங்களும் ஒலிக்கும். பெடல் மேலேறும்போது அதன் மேடு முதலில் 440ஐத் தூக்கும், பிறகு 660ஐ, இப்படியே போய் முடிவில் 2200 ஹெர்ட்ஸிலுள்ள பத்தாவதைத் தூக்கும். ஆனால் மீட்டிய தந்தியில் உயர்ந்த மேற்சுரங்களே முதலில் அடங்குபவை. தெளிவான, சிதைவற்ற ஒலியில் பாதத்தை மெதுவாக ஏற்றினால், மேடு உச்சிக்குச் சென்று சேரும்போது அங்கே தூக்குவதற்கு ஏதும் மிஞ்சியிருக்காது. ஊதுபவருக்கு இத்தொல்லை இல்லை. மூச்சுள்ளவரை மேற்சுரங்கள் நிற்கும். எனவே 1950களின் தூய கிதார் ஒலிக்கு இப்பெடல் கிடைத்திருந்தால், ஒவ்வொரு மீட்டலிலும் ஒரு சிறு 'க்வாக்' என்று வாத்தொலி எழுப்பியிருக்கும், அவ்வளவுதான்.

1967இல் கிதார் அவ்வாறு இல்லை. ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு அப்பால் ஏற்றி, ஒலியைச் சிதைத்து நீட்டும் பழக்கம் பரவியிருந்தது. நிரம்பி வழியும் ஆம்ப்ளிஃபயர், வரும் சைகை வலியதாயினும் மெலியதாயினும் ஏறத்தாழ ஒரே உரப்பில் வெளியிடும். அதன் முன்னே வா-வா பெடலை வைத்தால், அடங்கிக்கொண்டிருக்கும் மேற்சுரத்தைப் பெடல் தூக்கிக் கொடுக்கிறது. அதன் வீழ்ச்சியை ஆம்ப்ளிஃபயர் மறைத்துவிடுகிறது. சிதைவு தானும் புதிய மேற்சுரங்களைப் பிறப்பிக்கிறது. சுரம் பல நொடிகள் நிற்கிறது. அந்நொடிகள் முழுவதும் பாதத்துக்குப் பேச ஏதோ ஒன்று இருக்கிறது. தந்திக்கருவிக்கு மூச்சு வந்ததுபோல என்று சொன்னால் மிகையாகாது. ஊதுகருவிக்காக எண்ணிய பெடல் கிதாரில் நிலைத்ததற்கு, கிதார் ஊதுகருவியைப்போல நீடித்து ஒலிக்கத் தொடங்கியிருந்ததே முதன்மைக் காரணம் என்பது என் துணிபு.

முதல் சான்று அவ்வாண்டு மே மாதத்திலேயே கிடைத்துவிட்டது. லண்டனின் கிரீம் குழு நியூயார்க்கின் அட்லாண்டிக் கலையகத்தில் பதிவுசெய்துகொண்டிருந்தது. எரிக் கிளாப்டன் அந்நகரின் மேனிஸ் இசைக்கருவிக் கடையில் ஒரு வாக்ஸ் பெடலை வாங்கி, 'டேல்ஸ் ஆஃப் பிரேவ் யுலிஸிஸ்' பாடலில் பயன்படுத்தினார். பாடலின் அடித்தளத்தில் தாழ்சுரங்கள் படிப்படியாக இறங்கிவர, கிதார் ஒவ்வோர் இறக்கத்துக்கும் வாய்திறந்து மறுமொழி சொல்கிறது. கேட்டுப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: கிளாப்டனின் பாதம் தாளத்தோடு கட்டுண்டு, அடிக்கு அடி அசைகிறது. பெடல் இங்கே இன்னும் ஓர் அணிகலன்தான், அழகான அணிகலன். மறு ஆண்டின் 'வைட் ரூம்' பாடலில் அவர் வெகுதூரம் வந்துவிட்டார். அதன் இறுதித் தனியிசையில் பாதம் தாளத்தைவிட்டுச் சொற்றொடரைப் பின்தொடர்கிறது.

ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இதை அறிந்தது, அதே கோடையில் நியூயார்க்கில் நிகழ்ச்சிகள் நடத்திவந்த ஃபிராங்க் ஸாப்பா வழியாக என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. 1967 ஜூலையில் பதிவாகி ஆகஸ்டில் வெளிவந்த 'பர்னிங் ஆஃப் த மிட்நைட் லேம்ப்' அவருடைய முதல் வா-வா பாடல். ஆனால் பெடலின் இயல்பை அவர் முழுமையாகப் புரிந்துகொண்டதைக் காட்டுவது, 1968 மே மாதம் பதிவான 'வூடூ சைல்ட் (ஸ்லைட் ரிட்டர்ன்)' பாடலின் தொடக்கம். அதில் முதலில் சுரமே இல்லை. வலக்கையால் தந்திகளை மெல்லத் தொட்டுச் செயலிழக்கச் செய்து, இடக்கையால் உரசுகிறார். எழுவது வெறும் கரகரப்பு. அக்கரகரப்பின் மீது பெடலின் மேடு ஏறி இறங்குகிறது. சுருதியற்ற இரைச்சலும் உயிரொலி வடிவமும் சேர்ந்தால் கிடைப்பது என்ன? கிசுகிசுப்பு. நாம் குரலெழுப்பாமல் காற்றில் பேசும்போது நம் வாய் செய்வதும் இதுவே. முதலில் கிதார் கிசுகிசுக்கிறது; பிறகே குரலெடுத்துச் சுரத்தில் இறங்குகிறது. அதே இசைத்தொகுப்பிலுள்ள 'ஸ்டில் ரெய்னிங், ஸ்டில் ட்ரீமிங்' பாடலில் கிதார் ஏறக்குறைய உரையாடவே செய்கிறது. இதை ஹார்மன் மியூட்டின் போலி என்று எவரும் சொல்ல முடியாது.

ஹெண்ட்ரிக்ஸ் வா-வா பெடலை ஃபஸ் என்னும் ஒலிச்சிதைவுப் பெட்டிக்கு முன்னே வைத்தார். இவ்வரிசை பற்றி இன்றும் கிதார்காரர்கள் வாதிடுகிறார்கள். வா முன்னும் ஃபஸ் பின்னும் இருந்தால், எந்தப் பகுதி மிகுதியாகச் சிதைய வேண்டும் என்பதைப் பாதம் தீர்மானிக்கிறது. ஒலி அடர்ந்து, தொண்டையிலிருந்து வருவதுபோல் இருக்கும். வரிசையை மாற்றினால், சிதைந்து மேற்சுரங்கள் நிரம்பிய ஒலியைப் பெடல் அகழ்ந்து எடுக்கும். ஏற்ற இறக்கம் மிகப் பெரிதாக, பொறியொலிபோல் கேட்கும். முன்னதில் மனிதக்குரலின் சாயல் மிகுதி என்பது என் செவியின் தீர்ப்பு.

பாதத்தை அசைப்பது கட்டாயமும் அன்று. ஸாப்பா பல வேளைகளில் பெடலை ஓரிடத்தில் நிறுத்திவைத்து, அந்த ஒற்றை உயிரொலியிலேயே நீண்ட தனியிசைகளை வாசித்தார். டேவிட் போவியோடு வாசித்த மிக் ரான்சனும் அவ்வாறே செய்தார். மூன்று நிலைச் சுவிட்சில் தொடங்கிய கதையில் இது ஒரு விந்தை: வேண்டிய அதிர்வெண்ணைத் தேர்ந்து நிறுத்துவது, பிளங்கெட் மாற்றியமைத்த பழைய சுற்றின் பணியேதான்.

கருவி என்ற முறையில் இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். மாறுமின்தடையின் கரித்தடம் ஆயிரக்கணக்கான மிதிகளில் தேயும். பாதம் அசையும்போது மட்டும் கரகரத்து, நிறுத்தினால் அமைதியாகிவிட்டால் குற்றம் அங்கேதான். அசைக்காதபோதும் ஓயாத ரீங்காரம் இருந்து, பெடலைத் தள்ளிவைத்தால் அது குறைந்தால், சுருளாக இருக்கும் மின்தூண்டி அருகிலுள்ள ஆம்ப்ளிஃபயரின் மின்மாற்றிப் புலத்தைப் பற்றிக்கொள்கிறது என்று பொருள். பழைய பெடல்களில் மற்றொரு குறை உண்டு: அணைத்துவைத்திருக்கும்போதும் சுற்றின் உள்முனை கிதாரோடு இணைந்தே இருக்கும், அதனால் உயர் அதிர்வெண்கள் சற்றுக் கசிந்து ஒலி மங்கும். மேடையில் நாள்தோறும் வாசித்தவர்கள் இதை விரைவில் உணர்ந்தார்கள்.

பெனரோனின் கனவு என்னாயிற்று? மின்மயப் பெரிய இசைக்குழு வரவில்லை. மக்காயின் உருவம் அடித்தகட்டிலிருந்து மறைந்து முதலில் கையெழுத்தாகச் சுருங்கிற்று. பிறகு அதுவும் போய், 'கிரை பேபி' என்னும் பெயர் நிலைத்தது. அழும் குழந்தை என்ற அப்பெயரில் ட்ரம்பெட்டின் சாயல் இன்னும் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்றே சொல்வேன். மக்காயின் ஒலித்தட்டும் அழத்தானே செய்தது. 1971இல் ஐசக் ஹேய்ஸின் 'ஷாஃப்ட்' திரைப்பாடலில் சார்லஸ் பிட்ஸ் இப்பெடலைத் தாளக்கருவியாக்கினார். அது தனி வரலாறு. வேறொரு பதிவில் எழுதலாம்.

இதைக் கண்டுபிடித்தவர் யார் என்ற சச்சரவு இன்றும் ஓயவில்லை. மக்காய் கண்டுபிடித்தார் என்று எழுதுபவர்கள் அடித்தகட்டை மட்டும் படித்தவர்கள். சுற்று பிளங்கெட்டுடையது, காப்புரிமை அதைச் சொல்கிறது. இது கிதாருக்கு உரியது என்று நிறுவனத்துக்குள்ளேயே வாதாடியவர் காஷர். அவருக்கு வரலாறு இன்னும் சற்று இடம் தர வேண்டும். ஆலிவர், மைலி, நாண்டன் ஆகியோரின் பெயர்கள் இச்சச்சரவில் எழுவதே இல்லை. 'வா' என்னும் ஒலியைத் தேடத்தக்க ஓர் ஒலியாக ஆக்கியவர்கள் அவர்கள். எந்தத் தகட்டிலும் அவர்களுக்கு உருவமில்லை.

இனி ஒன்று எஞ்சியிருக்கிறது. 1950களில் மைல்ஸ் டேவிஸின் ட்ரம்பெட்டுக்குத் தனி அடையாளம் தந்தது ஹார்மன் மியூட்தான். ஆனால் அவர் அதன் நடுக்குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு வாசித்தார். மக்காயின் கை மூடித் திறந்த அதே குழாய் அது. அது போனதும் 'வா' போய்விட்டது. மெலிந்த, தொலைவிலிருந்து வரும் ஒரு முணுமுணுப்பு மட்டும் நின்றது. அந்த மைல்ஸ் 1970இல் ட்ரம்பெட்டில் ஒலியுணரி பொருத்தி, வா-வா பெடலை மிதித்தார். அவ்வாண்டு டிசம்பரில் வாஷிங்டனின் செல்லார் டோர் விடுதியில் பதிவானவை 'லைவ்-ஈவில்' தொகுப்பில் இருக்கின்றன. பெனரோன் எண்ணிய வாடிக்கையாளர் இறுதியில் வந்து சேர்ந்தார். ஆனால் அவர் வந்தது மக்காயின் ஒலியைத் தேடி அன்று; ஹெண்ட்ரிக்ஸின் ஒலியைக் கேட்டுவிட்டு. 1975 பிப்ரவரி 1 அன்று ஒசாகாவில் பகலிலும் மாலையிலுமாக அவர் குழு வாசித்த இரண்டு நிகழ்ச்சிகள் 'அகார்த்தா', 'பாங்கேயா' என்று வெளிவந்துள்ளன. பீட் கோஸியின் கிதாரும் மைல்ஸின் ட்ரம்பெட்டும் அருகருகே ஒலிக்கும் சில இடங்களில், இப்போது பேசுவது தந்தியா குழலா என்று ஒரு நொடி நின்று கேட்க வேண்டியிருக்கிறது.